வாகன வரிசையின் வால் எங்கே பிறக்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது: அதிர்ச்சி அலைக் கணக்கின் முழு வழி

காலி வீதியில் தெஹிவளையிலிருந்து கோட்டை நோக்கிப் போகும் ஒரு வாகன நிரையை எடுத்துக்கொள்வோம். x என்பது கோட்டைப் பக்கமாக அளக்கும் தூரம் (கிமீ), t நேரம் (மணி). ஒரு கிலோமீற்றருக்குள் எத்தனை வாகனம் இருக்கிறது என்பது அடர்த்தி ρ. ஓர் இடத்தை மணிக்கு எத்தனை வாகனம் கடக்கிறது என்பது பாயம் f. நடுவில் வாகனம் பிறப்பதும் இல்லை, மறைவதும் இல்லை என்றால் காப்பு விதி இப்படி வரும்:

ρₜ + f(ρ)ₓ = 0

1955இல் லைட்ஹில், விட்ஹாம் இருவரும், 1956இல் தனியாக ரிச்சர்ட்ஸும் வாகன ஓட்டத்துக்கு எழுதிய சமன்பாடு இதுதான். வாயு இயக்கவியலில் வரும் அதிர்ச்சி அலையின் கணிதம் அப்படியே இதற்குள் இருக்கிறது. ஆனால் இங்கே காக்கப்படும் பொருளைக் கையால் எண்ணலாம். அதனால்தான் முதலில் படிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த உதாரணத்தையே கொடுப்பேன்.

அடர்த்தி கூடினால் வாகனத்தின் வேகம் நேர்கோடாகக் குறைகிறது என்று வைப்போம். கிரீன்ஷீல்ட்ஸ் 1930களில் முன்வைத்த எளிய மாதிரி இது. வெறும் வீதியில் 48 கிமீ/மணி, கிலோமீற்றருக்கு 120 வாகனம் ஆனதும் எல்லாம் நின்றுவிடும். அப்படியானால்

v(ρ) = 48(1 − ρ/120), f(ρ) = ρv = 48ρ − 0.4ρ²

இந்த எண்கள் கணக்கு சுலபமாக வருவதற்காகத் தெரிந்தெடுத்தவை, காலி வீதியில் அளந்தவை அல்ல. அடர்த்தி 60 ஆக இருக்கும்போது பாயம் உச்சம்: மணிக்கு 1440 வாகனம். அதற்கு மேல் நெருங்க நெருங்கப் பாயம் குறையும்.

முதல் வேலை: சிறப்பியல்புக் கோடுகள்

ρ வழுவழுப்பாக மாறும்வரை மேலுள்ள சமன்பாட்டை ρₜ + c(ρ)ρₓ = 0 என்று எழுதலாம். இங்கே c(ρ) = f′(ρ) = 48 − 0.8ρ. இதன் பொருள்: c என்ற வேகத்தில் வீதியில் நகரும் ஒருவர் பார்க்கும் அடர்த்தி மாறவே மாறாது. அடர்த்தி மாறாததால் c யும் மாறாது, ஆகவே அவருடைய பாதை x–t தளத்தில் ஒரு நேர்கோடு. ஆரம்பத்தில் ξ என்ற இடத்திலிருந்து புறப்படும் கோடு

x = ξ + F(ξ) t, F(ξ) = c(ρ₀(ξ))

c என்பது வாகனத்தின் வேகம் அல்ல என்பதை இங்கேயே மனதில் இருத்த வேண்டும். அடர்த்தி 100 உள்ள நெரிசலில் வாகனம் 8 கிமீ/மணி வேகத்தில் முன்னால் ஊர்கிறது. ஆனால் c = −32, அதாவது அங்கே ஏற்படும் சிறு மாற்றம் தெஹிவளைப் பக்கமாகப் பின்னோக்கிப் போகிறது. முன்னால் ஒருவர் பிரேக் பிடித்த செய்தி, வரிசை வழியே பின்னால் வருகிறதே, அதன் வேகம் இது.

இரண்டாவது: கோடுகள் முதன்முதலில் எங்கே வெட்டுகின்றன?

பின்னால் அடர்த்தி 30, முன்னால் 100, நடுவில் படிப்படியாக ஏறுகிறது என்று ஓர் ஆரம்ப நிலையை எடுப்போம்:

ρ₀(x) = 65 + 35 tanh(x/0.35)

பின்னாலுள்ள கோடுகள் 24 கிமீ/மணி வேகத்தில் முன்னேறுகின்றன, முன்னாலுள்ளவை 32 கிமீ/மணி வேகத்தில் பின்வாங்குகின்றன. இவை மோதாமல் இருக்க வழியில்லை. கேள்வி, முதல் மோதல் எப்போது என்பதுதான்.

பலர் இரண்டு ஓரங்களிலிருந்தும் ஆளுக்கொரு கோடு எடுத்து அவை வெட்டும் நேரத்தைக் கண்டுவிட்டு அதுதான் விடை என்று நினைக்கிறார்கள். ξ = −0.7, ξ = +0.7 ஆகிய இரண்டையும் எடுத்துப் பாருங்கள். அவை வெட்டுவது ஏறக்குறைய 93 செக்கன் கழித்து. உண்மையில் அதற்கு வெகு முன்பே நடுவில் இருந்த பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் வெட்டி முடித்திருக்கும். முதல் வெட்டு எப்போதும் அண்டைக் கோடுகளுக்கு இடையில்தான் நடக்கும். ஆகவே பார்க்க வேண்டியது, ξ ஐச் சற்றே மாற்றினால் x எவ்வளவு மாறுகிறது என்பதை:

∂x/∂ξ = 1 + F′(ξ) t

இது சுழியாகும் கணத்தில் அண்டைக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. அந்த நேரம் t = −1/F′(ξ). F′ எதிராக உள்ள ξ க்கு மட்டுமே இது பொருந்தும். F′ எங்கே மிகவும் எதிரோ அங்கேதான் ஆகக் குறைந்த நேரம் கிடைக்கும், அதுவே அதிர்ச்சி பிறக்கும் நேரம். F′ எங்குமே எதிராக இல்லையென்றால் அதிர்ச்சி பிறக்காது.

நம் உதாரணத்தில் F′ = −0.8 ρ₀′. ρ₀ மிகச் செங்குத்தாக ஏறுவது x = 0 இல், அங்கே ρ₀′ = 35/0.35 = 100. ஆகவே F′(0) = −80. பிறக்கும் நேரம் 1/80 மணி, அதாவது 45 செக்கன். பிறக்கும் இடம் x = 0 + c(65)/80 = −4/80 = −0.05 கிமீ. ஆரம்பச் சரிவின் நடுவிலிருந்து 50 மீற்றர் பின்னால்.

இங்கே c, ρ இன் நேர்கோட்டுச் சார்பு என்பதால் ρ₀ செங்குத்தாக இருக்கும் இடமும் F செங்குத்தாக இருக்கும் இடமும் ஒன்றாகவே வந்துவிட்டன. வேறு f எடுத்தால் F′ = f″(ρ₀) ρ₀′ என்ற பெருக்கத்தைத்தான் பார்க்க வேண்டும், வெறும் ρ₀′ ஐ அல்ல.

45 செக்கன் வரைக்கும் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு கோட்டின் வழியே ρₓ = ρ₀′/(1 + F′t). முப்பதாவது செக்கனில் நடுக்கோட்டுக்கு இந்தப் பகுதியெண் 1 − 80/120 = 1/3. அதாவது கிலோமீற்றருக்கு 100 ஆக இருந்த ஏற்றம் 300 ஆகிவிட்டது. நாற்பத்தைந்தில் முடிவிலி. அடர்த்தி எங்கும் 30க்குக் கீழோ 100க்கு மேலோ போகவில்லை, உடைவது அதன் பெறுதி மட்டும்தான்.

மூன்றாவது: வெட்டிய பிறகு வேகம் எங்கிருந்து வருகிறது?

45 செக்கனுக்குப் பிறகும் x = ξ + F(ξ)t என்ற சூத்திரத்தை ஓடவிட்டால், ஒரே இடத்தில் மூன்று அடர்த்திகள் வரும். வீதியின் ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு அடர்த்திதான் இருக்க முடியும். ஆகவே அந்தச் சூத்திரம் அங்கே செல்லாது. அங்கே அடர்த்தி ஒரே இடத்தில் சட்டெனத் தாவுகிறது, அந்தத் தாவல்தான் அதிர்ச்சி. ρₜ + cρₓ = 0 என்பதும் உதவாது, தாவல் இருக்கும் இடத்தில் ρₓ என்று ஒன்றே இல்லை. மிஞ்சி நிற்பது எண்ணிக்கை மட்டும்: வாகனம் பிறக்காது, மறையாது.

தாவல் s என்ற வேகத்தில் நகர்கிறது என்று வைத்து, அதனோடு சேர்ந்தே நகரும் ஒருவரை நிறுத்துங்கள். பின்னாலிருந்து அவரை மணிக்கு ρ_L(v_L − s) வாகனம் எட்டுகிறது. முன்பக்கமாக அவரை விட்டு ρ_R(v_R − s) வாகனம் போகிறது. தாவலுக்கு அகலம் இல்லை, அதற்குள் ஒரு வாகனத்தைக்கூட ஒளித்துவைக்க முடியாது. ஆகவே இரண்டும் சமம். ρv = f என்று போட்டு அடுக்கினால்

s = (f(ρ_R) − f(ρ_L)) / (ρ_R − ρ_L)

இதுதான் ரங்கின்–யூகோனியோ நிபந்தனை. f இன் வரைபில் c ஒரு தொடலியின் சாய்வு, s இரண்டு புள்ளிகளை இணைக்கும் நாணின் சாய்வு. வரைபை ஒருமுறை கையால் வரைந்துவிட்டால் இந்த இரண்டும் பிறகு குழம்பாது.

தாவல் முழுதாக வளர்ந்த நிலைக்குப் போடுவோம். f(30) = 1080, f(100) = 800. s = (800 − 1080)/70 = −4 கிமீ/மணி. வரிசையின் வால் ஒரு மனிதர் நடக்கும் வேகத்தில் தெஹிவளைப் பக்கமாக வருகிறது. சரிபார்க்க: 30 அடர்த்தியில் வாகன வேகம் 36, ஆகவே வாலை எட்டுபவை 30 × (36 + 4) = 1200. நெரிசலில் வேகம் 8, ஆகவே 100 × (8 + 4) = 1200. சரியாக வருகிறது. 101ஆம் இலக்க பஸ்ஸில் இருப்பவருக்கு இது 36 இலிருந்து 8க்கு விழும் ஒரு பிரேக்.

பிறந்த கணத்தில் தாவலின் உயரம் சுழி, பிறகு இரு பக்கக் கோடுகளையும் விழுங்கி விழுங்கி வளர்கிறது. நம் உதாரணம் சமச்சீரானது என்பதால் வேகம் முதலிலிருந்தே −4 ஆக இருக்கும், உயரம் மட்டும் மாறும். t நேரத்தில் தாவலில் வந்து விழும் கோடுகள் ξ = ±0.35z இலிருந்து புறப்பட்டவை. z = 80t·tanh z என்பதைத் தீர்த்தால் போதும். 60ஆவது செக்கனில் அடர்த்தி 38 இலிருந்து 92க்குத் தாவுகிறது, 90ஆவது செக்கனில் 31.5 இலிருந்து 98.5க்கு. முதல் கால் நிமிடத்திலேயே முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்துவிடுகிறது.

நாணின் சாய்வு (c_L + c_R)/2 க்குச் சமமாக வந்ததைக் கவனித்திருப்பீர்கள்: (24 − 32)/2 = −4. f இருபடியாக இருந்தால் மட்டுமே இது உண்மை. இதையே பொது விதியாக மனனம் செய்துவிட்டால் அடுத்த f இல் விடை பிழைக்கும்.

எதைக் காக்கிறோம் என்பதில் வரும் பிழை

மாணவர்கள் மட்டுமல்ல, கணினி நிரல் எழுதுகிறவர்களும் விழும் குழி இது. ஆகவே நிதானமாகப் பார்ப்போம். ρₜ + cρₓ = 0 என்பதை 2ρ ஆல் பெருக்குங்கள். (ρ²)ₜ + G(ρ)ₓ = 0 என்று வரும், G = 48ρ² − (1.6/3)ρ³. வழுவழுப்பான தீர்வுக்கு இரண்டு சமன்பாடும் ஒன்றேதான், அதே கோடுகள், அதே 45 செக்கன். ஆனால் இரண்டாவதிலிருந்து தாவலின் வேகத்தை எடுத்தால்

s = (G(100) − G(30)) / (100² − 30²) ≈ −82133/9100 ≈ −9.0 கிமீ/மணி

−9 என்பது பார்க்க நம்பும்படியான விடைதான். 24க்கும் −32க்கும் நடுவில்தான் இருக்கிறது, கோடுகள் இரு பக்கமிருந்தும் அதற்குள்தான் விழுகின்றன. எண்ணிப் பார்த்தால்தான் பிழை தெரியும். நெரிசலுக்குள் மணிக்கு 1080 வருகிறது, 800 வெளியே போகிறது, ஆக 280 வாகனம் சேர வேண்டும். வால் 9 கிமீ/மணி வேகத்தில் பின்வாங்கினால் சேர்வது 9 × 70, அதாவது 630. மிச்சம் 350 வாகனம் எங்கிருந்து வந்தது? ρ² என்பது வாகன எண்ணிக்கை அல்ல, தாவலைக் கடக்கும்போது அது காக்கப்பட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இந்தத் தவறில் பெரியவர்களும் இருந்திருக்கிறார்கள். 1860இல் ரீமான் வாயு அலைகளைப் பற்றி எழுதியபோது தாவலின் குறுக்கே எந்திரப்பி மாறாது என்று எடுத்துக்கொண்டார், அதனால் சக்தி காக்கப்படவில்லை. 1870இல் ரங்கின் சக்தியைக் காத்துச் சரியான நிபந்தனைக்கு வழி காட்டினார், அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யூகோனியோ அதை முழுமையாக்கினார்.

கணினியில் இதே பிழை வேறு வேடத்தில் வரும். cρₓ ஐ நேரடியாக வித்தியாசங்களாக எழுதினால் அலை அழகாக நகரும், ஆனால் பிழையான வேகத்தில். கட்டங்களை எவ்வளவு நுணுக்கினாலும் அது திருந்தாது. ஒரு கட்டத்திலிருந்து வெளியேறும் பாயமே அடுத்த கட்டத்துக்குள் நுழையும்படி எழுத வேண்டும். கொடுனோவின் முறை அப்படிப்பட்டது:

```python
import numpy as np
f = lambda r: 48*r - 0.4*r**2
dx, dt = 0.01, 0.0002
x = np.arange(-2, 2, dx)
r = 65 + 35*np.tanh(x/0.35)
for n in range(125):
    q = np.minimum(f(np.minimum(r[:-1], 60)),
                   f(np.maximum(r[1:], 60)))
    r[1:-1] -= dt/dx*(q[1:] - q[:-1])
print(np.interp(65, r, x))
```

125 படி என்பது 90 செக்கன். அடர்த்தி 65 ஐக் கடக்கும் இடம் −0.1க்கு அருகில் வர வேண்டும், ஏனென்றால் −4 × 0.025 = −0.1. இங்கே dt ஐக் கூட்டும்போது 32·dt/dx ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: திசையைச் சோதிப்பது

நாணின் சாய்வு கிடைத்துவிட்டது என்பதற்காக அங்கே அதிர்ச்சி இருக்கிறது என்று ஆகாது. கோடுகள் இரு பக்கமிருந்தும் தாவலுக்குள் வந்து விழ வேண்டும்: c_L > s > c_R. நம்முடையதில் 24 > −4 > −32, நல்லது. இதை லக்ஸின் நிபந்தனை என்பார்கள்.

இது பொய்க்கும் இடம் ஒன்றைப் பாருங்கள். பம்பலப்பிட்டிப் பக்கம் ஏதோ தடை, மணிக்கு 800 வாகனத்தைத்தான் விடுகிறது. அதற்குப் பின்னால் அடர்த்தி 100, முன்னால் 20. f(100) = f(20) = 800, ஆகவே s = 0. தாவல் அசையாமல் நிற்கிறது, எண்ணிக்கையும் சரி. ஆனால் பின்பக்கக் கோடுகள் −32 இலும் முன்பக்கக் கோடுகள் +32 இலும் அதை விட்டு விலகி ஓடுகின்றன. தடை பிடித்துவைத்திருக்கும்வரைதான் அது நிற்கும். தடையை எடுத்த மறுகணம் அது விசிறியாக விரியும்: தடை இருந்த இடத்தை x = 0 என்றும் எடுத்த கணத்தை t = 0 என்றும் வைத்தால், விசிறிக்குள் c = x/t, அதாவது ρ = (48 − x/t)/0.8. சரியாக x = 0 இல் அடர்த்தி 60, பாயம் உச்சமான 1440.

வேகம் மாறும் அதிர்ச்சி: தடை எடுத்த பிறகு வால் என்ன செய்கிறது?

தடையை எடுக்கும்போது வரிசை 1.4 கிமீ நீளம், வால் வெள்ளவத்தைப் பக்கம் எங்கோ இருக்கிறது. பின்னாலிருந்து அடர்த்தி 30 இல் வாகனங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வாலில் நிற்பவருக்குத் தடை எடுத்தது இன்னும் தெரியாது. விசிறியின் கடைசிக் கோடு 32 கிமீ/மணி வேகத்தில் பின்னால் ஓடி, 4 இல் பின்வாங்கும் வாலைப் பிடிக்க வேண்டும்: 1.4/(32 − 4) = 0.05 மணி, அதாவது 3 நிமிடம். அப்போது வால் x = −1.6 இல் இருக்கும்.

அதற்குப் பிறகு வாலின் முன்பக்க அடர்த்தி 100 அல்ல, விசிறி தருவது. நம் f இருபடி என்பதால் சராசரி விதியை இங்கே தாராளமாகப் பாவிக்கலாம். வாலின் இடத்தை X(t) என்றால்

dX/dt = ½(24 + X/t)

இதன் தீர்வு X = 24t + B√t. t = 0.05 இல் X = −1.6 என்று போட்டால் B√0.05 = −2.8, B ≈ −12.52.

வால் எப்போது திரும்புகிறது? dX/dt = 0 ஆகும்போது: √t = 12.52/48, t ≈ 0.0681 மணி, ஏறக்குறைய 4 நிமிடம் 5 செக்கன். அந்த நேரம் வால் 1.63 கிமீ பின்னால். தடை போய் நான்கு நிமிடம் ஆகியும் வெள்ளவத்தையில் வரிசை நீண்டுகொண்டுதான் இருக்கிறது. பிறகு வால் முன்னோக்கி நகரத் தொடங்கி, X = 0 ஆவது √t = 12.52/24 இல், t ≈ 0.2722 மணி. 16 நிமிடம் 20 செக்கன்.

இந்த விடையைக் கோடுகளையும் விசிறியையும் மறந்துவிட்டு எண்ணியே சோதிக்கலாம். நான் இதைத் தவிர்ப்பதே இல்லை. 0.2722 மணி நேரமும் x = 0 இல் பாயம் 1440, ஆகவே கடந்தவை 1440 × 0.2722 = 392 வாகனம். மறுபக்கம், வால் x = 0 ஐ அடையும்போது அங்கே வரும் வாகனம் எந்த நெரிசலிலும் சிக்காமல் 36 கிமீ/மணி வேகத்தில் வந்தது, தடை எடுத்தபோது அது 36 × 0.2722 = 9.8 கிமீ பின்னால் இருந்திருக்கிறது. அதற்கு முன்னால் நின்றவை: வரிசையின் 1.4 கிமீற்றரில் 140, மிச்ச 8.4 கிமீற்றரில் 8.4 × 30 = 252. கூட்டினால் 392.

இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் B ஐயும், அடுத்து விசிறி வாலைப் பிடித்த நேரத்தையும் திரும்பப் பாருங்கள். வீதியில் அளந்த தரவோடு ஒத்துப்போகாவிட்டால் அது வேறு விஷயம். ஓட்டுநர்கள் கண நேரத்தில் வேகத்தை மாற்றுவதாக இந்த மாதிரி நினைக்கிறது, ஆகவே உண்மையான வால் கோடாக இல்லாமல் சில வாகன நீளத்துக்குப் பரந்திருக்கும். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் இடைவெளிகளுக்குள் புகுந்து போகும் வீதியில் ஒரே f(ρ) எல்லாருக்கும் பொருந்தாது. அப்போது முதலில் திருத்த வேண்டியது f ஐ. தாவலின் வேகம் அளந்த இரண்டு பாயங்களையும் இரண்டு அடர்த்திகளையும் மட்டுமே கேட்கிறது, ஆகவே f இன் வடிவம் தெரியாவிட்டாலும் அந்த ஒரு சூத்திரத்தை வீதியோரம் நின்று எண்ணியே போட்டுப் பார்க்கலாம்.